ஒரு பீஸ்கூட கூடவில்லை. ஆனால் 63 சதவிகிதம் 80 ஆகிவிட்டது! ஃபேக்டரி ரிப்போர்ட்டில் ஓ.இ.இ கணக்கு போடுவது எப்படி?

மாசக் கடைசி. புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. ஷிஃப்ட் இன்ஜினீயர் கையில் மூன்று லாக் புக்: மெஷின் எப்போது நின்றது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு சதவிகிதமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பெயர்தான் ஓவரால் எக்விப்மென்ட் எஃபெக்டிவ்னெஸ், சுருக்கமாக ஓ.இ.இ.

ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பல டிரெய்னிகளின் தலையில் விழும் வேலை இது. ஃபார்முலா என்னவோ ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் அதே லாக் புக்கை வைத்துக்கொண்டு ஒருவர் 63 என்பார், இன்னொருவர் 80 என்பார். இரண்டுக்கும் நடுவில் புது மெஷின் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி நிற்கும். எப்படி என்று ஒரு ஷிஃப்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில், இந்த ஓ.இ.இ என்ன சொல்கிறது?

ஜப்பான் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிளான்ட் மெயின்டனன்ஸைச் சேர்ந்த செய்ச்சி நகாஜிமா, டி.பி.எம் என்ற பராமரிப்பு முறையை வடிவமைத்தபோது உருவாக்கிய அளவுகோல் இது. டொயோட்டாவுக்கு உதிரி பாகங்கள் கொடுத்த நிப்பான்டென்சோ நிறுவனத்தில்தான் டி.பி.எம் முதலில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விருதை 1971-ல் அந்த நிறுவனம் வாங்கியது.

நகாஜிமா கேட்டது ஒரு எளிய கேள்வி. மெஷின் ஓட வேண்டிய நேரம் முழுக்க, நிற்காமல், முழு வேகத்தில், ஒரு பீஸ்கூட கெடாமல் ஓடியிருந்தால் எத்தனை நல்ல பீஸ் வந்திருக்கும்? உண்மையில் எத்தனை வந்தது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஓ.இ.இ. அவ்வளவுதான்.

குறைந்தது எங்கே என்று தெரிந்துகொள்ள அதை மூன்றாகப் பிரிக்கிறோம். நின்றதால் போனது அவைலபிலிட்டி. மெதுவாக ஓடியதால் போனது பெர்ஃபார்மன்ஸ். கெட்டதால் போனது குவாலிட்டி. மூன்றையும் பெருக்கினால் மேலே சொன்ன அதே எண் திரும்ப வரும். வராவிட்டால் கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது.

ஒரு ஷிஃப்ட், ஒரு மெஷின்

நம் உதாரணத்துக்கு, பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் ஓர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். கார் உதிரி பாகத் தொழிற்சாலைகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கக்கூடிய மெஷின். மோல்டில் இரண்டு கேவிட்டி. அதாவது ஒரு ஷாட்டுக்கு இரண்டு மூடி விழும். மிகச் சரியாக ஓடினால் ஒரு ஷாட்டுக்கு 30 விநாடி. ஆக ஒரு மூடிக்கு 15 விநாடி, நிமிடத்துக்கு 4 மூடி.

காலை 6 முதல் மதியம் 2 வரை ஷிஃப்ட், 480 நிமிடம். டிபனுக்கு 30 நிமிடம், டீக்கு 10 நிமிடம் மெஷினை நிறுத்துகிறார்கள். மிச்சம் 440. இதுதான் 'பிளான்டு டைம்', மெஷின் ஓட வேண்டிய நேரம். இந்த நேரத்தில் அதிகபட்சம் 1,760 மூடி வரலாம்.

டவுன்டைம் லாக்கில் நான்கு வரிகள். 6.40 முதல் 7.25 வரை மோல்டு மாற்றினார்கள், 45 நிமிடம். 8.20 முதல் 9.15 வரை ஹீட்டர் கோளாறு. 10.10-க்கு டிரையரில் இருந்து மெட்டீரியல் வராமல் 12 நிமிடம். 12.45-க்கு கரன்ட் போய் 8 நிமிடம்.

ஹீட்டர் வரியை இன்னொரு தடவை பாருங்கள். 8.20 முதல் 9.15 என்றால் 55 நிமிடம். ஆனால் டிபன் பிரேக் 8.30 முதல் 9 வரை. அந்த 30 நிமிடத்தை 480-ல் இருந்து ஏற்கெனவே கழித்துவிட்டோம். மறுபடி டவுன்டைமில் சேர்த்தால் ஒரே அரைமணி நேரத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும். ஆக ஹீட்டருக்கு 25 நிமிடம்தான். (அதேபோல, டிபன் நேரத்தில் மாற்று ஆபரேட்டர் நின்று மெஷினை ஓட்டியிருந்தால் அந்த நேரத்தைக் கழிக்கவே கூடாது.)

மொத்தம் 90 நிமிடம் டவுன்டைம். ஓடியது 350 நிமிடம். 350-ஐ 440-ஆல் வகுத்தால் அவைலபிலிட்டி 79.5 சதவிகிதம்.

அடுத்து வேகம். ஷிஃப்ட் முடிவில் மெஷின் கவுன்டர் காட்டியது 595 ஷாட். இரண்டால் பெருக்கினால் 1,190 மூடி. ஓடிய 350 நிமிடத்தில் வந்திருக்க வேண்டியது 1,400. பெர்ஃபார்மன்ஸ் 85 சதவிகிதம்.

கடைசியாக டிஃபெக்ட். ரிஜெக்ட் ஷீட்டில் 55 என்று எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக் முழுசாக நிரம்பாத ஷார்ட் ஷாட் 34, ஓரத்தில் பிசிறு வந்த ஃப்ளாஷ் 21. ஸ்டோருக்குப் போன நல்ல மூடி 1,119. கூட்டிப் பாருங்கள், 1,174-தான் வருகிறது. கவுன்டர் சொன்னது 1,190 ஆச்சே, 16 மூடி எங்கே?

இந்தக் கேள்விக்கு பதில் லாக் புக்கில் இருக்காது. ஃப்ளோருக்குப் போய்த்தான் கேட்கணும்.

"அண்ணே, ரிஜெக்ட் ஷீட்ல பதினாறு பீஸ் குறையுதே?"

"மோல்டு மாத்தினதும் மொத எட்டு ஷாட் சரியா வராது தம்பி. அதை யாரு எண்ணுவா? நேரா கிரைண்டர்ல போட்டுருவோம்."

எட்டு ஷாட், 16 மூடி. கணக்கு சேர்ந்துவிட்டது. மோல்டு மாற்றிய பிறகு வரும் ஸ்டார்ட்-அப் ரிஜெக்ட் இது. அரைத்து மறுபடி மெட்டீரியலாகிவிடுவதால் 'கெட்டது' என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் அந்த எட்டு ஷாட்டுக்கும் மெஷின் நேரம் போயிருக்கிறது. ஆக உண்மையான ரிஜெக்ட் 71. குவாலிட்டி 94 சதவிகிதம்.

இங்கே ஒரு நுணுக்கம். நம் லாக்கில், மெஷின் மறுபடி ஷாட் அடிக்க ஆரம்பித்ததும் மோல்டு மாற்றம் முடிந்ததாக எழுதியிருக்கிறார்கள். சில இடங்களில் முதல் நல்ல பீஸ் வரும்வரை அதை மோல்டு மாற்ற நேரமாகவே எழுதுவார்கள். அப்படி எழுதினால் இந்த 16-ஐ பெர்ஃபார்மன்ஸிலும் குவாலிட்டியிலும் சேர்க்கக் கூடாது. எந்த முறையானாலும் சரி, ஒரு ஃபேக்டரிக்குள் ஒன்றைத்தான் பின்பற்ற வேண்டும்.

எக்செல்லில் போட...

B1-ல் பிளான்டு டைம் (440), B2-ல் டவுன்டைம் (90), B3-ல் ஒரு பீஸுக்கான விநாடி (15), B4-ல் மொத்த பீஸ் (1190), B5-ல் நல்ல பீஸ் (1119). பிறகு:

```
=(B1-B2)/B1
=(B3*B4/60)/(B1-B2)
=B5/B4
=(B3*B5/60)/B1
```

முதல் மூன்று வரிகள் அவைலபிலிட்டி, பெர்ஃபார்மன்ஸ், குவாலிட்டி. நான்காவது நேரடி ஓ.இ.இ. நம் ஷிஃப்ட்டுக்கு அது 63.6 சதவிகிதம். முதல் மூன்றையும் பெருக்கினாலும் அதேதான் வரும்.

எழுதாத நேரம் எங்கே போனது?

சதவிகிதத்தை மறந்துவிட்டு நிமிடத்தில் பேசினால் மீட்டிங்கில் எல்லோருக்கும் சட்டென்று புரியும். 440 நிமிடத்தில் 90 நின்றதால் போனது. 52.5 வேகக் குறைவால் போனது. கிட்டத்தட்ட 18 நிமிடம், கெட்டுப்போன 71 மூடியைச் செய்யச் செலவானது. மிச்சம் சுமார் 280 நிமிடம்தான் நல்ல மூடி செய்த நேரம்.

நின்ற நேரத்துக்கு லாக்கில் காரணம் இருக்கிறது. கெட்டதற்கும் இருக்கிறது. அந்த 52.5 நிமிடத்துக்கு மட்டும் யாரும் எதுவும் எழுதவில்லை. ரிப்போர்ட்டில் பெரும்பாலானோர் 'ஸ்பீடு லாஸ்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் இடம் இதுதான்.

இதை உடைக்க ஒரு வழி உண்டு. மெஷின் ஸ்கிரீனில் நிஜ சைக்கிள் டைம் தெரியும். அன்று அது 32 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 595 ஷாட்டை 32 விநாடியால் பெருக்கினால் 317 நிமிடம். முப்பது விநாடிக்குப் பதில் 32 எடுத்துக்கொண்டதால் போனது சுமார் 20 நிமிடம். ஆனால் மெஷின் 350 நிமிடம் ஓடியதாக அல்லவா டவுன்டைம் லாக் சொல்கிறது? 317 போக மீதி 33 நிமிடம்?

அது நின்ற நேரம்தான், எழுதாமல் விட்டது. மூடி மோல்டில் ஒட்டிக்கொண்டது, கதவைத் திறந்து எடுத்தார்கள், ஒரு நிமிடம். சென்சார் அலாரம் அடித்தது, ரீசெட் செய்தார்கள், அரை நிமிடம். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தத்தை எழுத வேண்டாம் என்று பல இடங்களில் விதியே வைத்திருக்கிறார்கள். ஆபரேட்டரைக் குறை சொல்லி என்ன பயன்? கையில் மூடியை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பேனா எடுக்க முடியுமா! ஆனால் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சில்லறை நிறுத்தங்கள் ஹீட்டர் கோளாறைவிட அதிக நேரம் தின்றிருக்கின்றன. ஹீட்டருக்கு 25 நிமிடம், இதற்கு 33. மெயின்டனன்ஸ் டீம் மொத்தமும் ஹீட்டரைச் சுற்றித்தான் நின்றிருக்கும்.

லாக்கில் தப்பு இருந்தால் ஓ.இ.இ மாறுமா?

இந்த இடம்தான் எனக்கு முதலில் புரியாமல் இரண்டு தடவை கணக்குப் போட வைத்தது.

ஹீட்டர் கோளாறை 55 நிமிடம் என்றே போட்டிருந்தால் என்ன ஆகும்? ஓடிய நேரம் 320 ஆகும். அவைலபிலிட்டி 72.7-க்கு இறங்கும். ஆனால் குறைந்த நேரத்தில் அதே 1,190 மூடி வந்ததாகக் காட்டுவதால் பெர்ஃபார்மன்ஸ் 93-க்கு ஏறிவிடும். பெருக்கினால்? அதே 63.6.

16 ஸ்டார்ட்-அப் ரிஜெக்டை விட்டுவிட்டு மொத்தம் 1,174 என்று போட்டாலும் இதே கதை. குவாலிட்டி கொஞ்சம் ஏறும், பெர்ஃபார்மன்ஸ் அதே அளவு இறங்கும். ஓ.இ.இ அசையாது.

நான்காவது ஃபார்முலாவைப் பார்த்தால் காரணம் புரியும். அதில் டவுன்டைம் இல்லை, ரிஜெக்ட் எண்ணிக்கையும் இல்லை. நல்ல பீஸ், ஒரு பீஸுக்கான விநாடி, பிளான்டு டைம், இந்த மூன்றுதான். டவுன்டைம் லாக்கில் தப்பு செய்தால் எண் தப்பாவதில்லை, பழி மாறிப்போகிறது. 55 நிமிடக் கணக்கை நம்பியவர் எழுதாத நிறுத்தம் வெறும் 3 நிமிடம்தான் என்று முடிவு கட்டியிருப்பார். உண்மையில் அது 33.

அப்போ 80 எங்கிருந்து வந்தது?

எண்ணை மாற்ற வேண்டுமானால் தொட வேண்டியது அந்த மூன்றில் ஒன்றை. நல்ல பீஸை ஸ்டோர் எண்ணிவிடும். அதில் கை வைக்க முடியாது. மிச்சம் இரண்டு.

முதலாவது, பிளான்டு டைம். "மோல்டு மாற்றுவது திட்டமிட்ட வேலைதானே, அதை ஏன் டவுன்டைமில் சேர்க்கணும்?" என்று மீட்டிங்கில் யாராவது கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த 45 நிமிடத்தை டிபன் பிரேக்போல முதலிலேயே கழித்தால் பிளான்டு டைம் 395 ஆகிறது. ஓ.இ.இ உடனே 70.8. ஆனால் நகாஜிமா பட்டியலிட்ட ஆறு பெரிய இழப்புகளில் செட்-அப் மாற்றமும் ஒன்று. அதை வெளியே தள்ளிவிட்டால், நாளைக்கு மோல்டு மாற்ற 45-க்குப் பதில் 90 நிமிடம் எடுத்தாலும் ஓ.இ.இ-யில் ஒரு புள்ளிகூடக் குறையாது. மோல்டை முன்கூட்டியே சூடாக்கி, கிளாம்ப்பை எடுத்துவைத்து 20 நிமிடத்தில் மாற்றினாலும் ஏறாது.

இரண்டாவது, சைக்கிள் டைம். 30 விநாடி என்பது அந்த மோல்டு அந்த மெஷினில் நல்ல பீஸ் கொடுத்து நிரூபித்த வேகம். மோல்டு டிரையல் ஷீட்டில் இருக்கும். ஆனால் கஸ்டமருக்கு விலை சொல்லும்போது கொஞ்சம் கைக்காவலாக 34 விநாடி என்று போட்டிருப்பார்கள். அதைத்தான் சிஸ்டத்தில் 'ஸ்டாண்டர்டு' என்று ஏற்றியிருப்பார்கள். ரிப்போர்ட் போடுபவர் அதை அப்படியே எடுத்துவிட்டால் பெர்ஃபார்மன்ஸ் 85-ல் இருந்து 96-க்குத் தாவிவிடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஓ.இ.இ 80.3. ஸ்டோரில் இருப்பது அதே 1,119 மூடி!

இதில் யாரும் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் சிக்கல். இரண்டும் 'எங்க கம்பெனி வழக்கம்' என்ற பெயரில் நடக்கும். இதைப் பிடிக்க ஓர் அடையாளம் உண்டு: பெர்ஃபார்மன்ஸ் ஏதாவது ஒரு ஷிஃப்ட்டில் 100-ஐத் தாண்டினால் உஷாராகுங்கள். ஐடியல் சைக்கிள் டைம் என்பதே அதிகபட்ச வேகம்தான், அதைவிட வேகமாக ஓட முடியாது. ஒன்று, அந்த விநாடி தளர்வாக இருக்கிறது. இல்லாவிட்டால் டவுன்டைம் இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பிரேக்கில் மெஷின் ஓடியிருக்கிறது. 100-க்கு மேல் வந்தால் 100 என்றே காட்டும்படி எக்செல்லில் பூட்டு போட்டுவைக்கும் பழக்கமும் இருக்கிறது. அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிடுகிற மாதிரி அது.

இதனால் யாருக்கு என்ன?

கஸ்டமர் ஒரு ஷிஃப்ட்டுக்கு இன்னும் 300 மூடி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

80.3 என்ற ரிப்போர்ட்டை நம்பினால், 395 நிமிடத்தில் 34 விநாடி வேகத்தில் உச்சபட்சமே 1,394 மூடிதான். ஒன்றுகூடக் கெடாமல், ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் கூடுதலாக 275-தான் கிடைக்கும். ஆக, முடியாது. புது மெஷின் வாங்கு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் போடு.

63.6 என்ற ரிப்போர்ட்டில் அதே மெஷின் இன்னும் 641 மூடி செய்யக்கூடியது. 300 மூடிக்குத் தேவை 75 நிமிடம். சில்லறை நிறுத்தம் 33, மெதுவான சைக்கிள் 20, மோல்டு மாற்றத்தில் ஒரு 25 நிமிடம் என்று தேடினால் எட்டக்கூடிய தூரம். எல்லாம் முழுசாகக் கிடைக்காது, கஷ்டம்தான். ஆனால் முயற்சி செய்யும் வாய்ப்பாவது ரிப்போர்ட்டில் தெரிகிறது.

85 வேண்டுமா?

'வேர்ல்டு கிளாஸ் ஓ.இ.இ 85 சதவிகிதம்' என்று போஸ்டர் ஒட்டாத ஃபேக்டரி குறைவு. நகாஜிமா சொன்ன 90 சதவிகித அவைலபிலிட்டி, 95 பெர்ஃபார்மன்ஸ், 99 குவாலிட்டியைப் பெருக்கினால் வருவதுதான் அது. நாள் முழுக்க ஒரே பாகத்தை ஓட்டும் லைனையும், ஷிஃப்ட்டுக்கு மூன்று மோல்டு மாற்றும் மெஷினையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதே மெஷினின் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் விதிகளை நடுவில் மாற்றாமல் இருந்தால்தான்.

மாத ரிப்போர்ட் போடும்போது இன்னொரு வழுக்கல். காலை ஷிஃப்ட் 63.6. மதியம் பாதி நேரத்துக்கு மட்டுமே ஆர்டர் இருந்ததால் 220 நிமிடம் பிளான், வந்தது 792 நல்ல மூடி, 90 சதவிகிதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 76.8. இது தப்பு. 220 நிமிடத்துக்கும் 440 நிமிடத்துக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டோம். நல்ல மூடியைத் தனியாகக் கூட்டி (1,911), வந்திருக்க வேண்டியதைத் தனியாகக் கூட்டி (2,640) வகுக்க வேண்டும். வருவது 72.4.

ரிஜெக்ட் விஷயத்திலும் தேதி பார்க்கணும். இன்று காலை செய்த மூடியில் விரிசல் இருப்பது நாளைக்கு அசெம்பிளியில்தான் தெரியவரலாம். குவாலிட்டி டீம் அதை நாளைய தேதியில் எழுதும். அப்போது இன்றைய ஷிஃப்ட் சுத்தமாகவும், நாளைய ஷிஃப்ட் மோசமாகவும் தெரியும். பெட்டி லேபிளில் செய்த தேதியும் ஷிஃப்ட்டும் இருந்தால், எந்த ஷிஃப்ட்டில் செய்ததோ அந்தக் கணக்கில் கொண்டுபோய்க் கழிக்கலாம். தேய்த்துச் சரிசெய்து அனுப்பும் ரீவொர்க் பீஸும் முதல் தடவையிலேயே சரியாக வராததுதான். அது நல்ல பீஸ் கணக்கில் வராது. இதில் ஸ்டோர்காரரோடு ஒரு சின்ன வாக்குவாதம் வரும். அவர் கணக்கில் அது விற்ற பீஸ் ஆச்சே.

மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்றால், ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் 63.6-க்குக் கீழேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: சைக்கிள் டைம் 30 விநாடி, எடுத்தது மோல்டு டிரையல் ஷீட்டில் இருந்து. மோல்டு மாற்றம் டவுன்டைமில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் யாராவது 80 என்று கொண்டுவந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி அந்த இரண்டு வரியைப் பற்றியதாக இருக்கும்.